ஆயிரம் கம்பெனி, ஒரே தொழில்: வேலை ஆட்டம் காணும் முன் திருப்பூர்த் தொழிலாளி செய்து வைக்க வேண்டியவை

"இந்தக் கம்பெனி இல்லைன்னா பக்கத்துக் கம்பெனிங்க. திருப்பூர்ல டெய்லருக்கு வேலை இல்லாமப் போயிருமா?" திருப்பூரில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்தப் பதில் கிடைக்கும். சாதாரண நாட்களில் இது உண்மைதான். காலையில் ஒரு கம்பெனியில் கணக்கு முடித்துவிட்டு, மதியம் அடுத்த தெருவில் மெஷினில் உட்காருபவர்கள் அங்கே நிறைய.

ஆனால் இந்தப் பதிலுக்குள் ஒரு ஓட்டை இருக்கிறது. கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் தொழில் ஒன்றுதான். நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று எல்லாமே ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2011 ஜனவரியில் ஊரே பார்த்தது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. மூடியது சாயப்பட்டறையை மட்டும்தான். ஆனால் சாயம் போட ஆளில்லாமல் துணியை வெளியூருக்கும் வெளி மாநிலத்துக்கும் அனுப்ப வேண்டி வந்தது. அந்தச் செலவும் தாமதமும் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவரின் ஷிஃப்ட்டைக் குறைத்தன. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. அமெரிக்க ஆர்டரையே நம்பியிருந்த கம்பெனிகள் முதலில் ஆடின.

உங்கள் ஊர் திருப்பூராக இல்லாமல் இருக்கலாம். சிவகாசி, ஆம்பூர், நெய்வேலி என்று ஒரே தொழிலையோ ஒரே நிறுவனத்தையோ சுற்றி வளர்ந்த ஊர்கள் நம் மாநிலத்தில் பல. கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்பதால், திருப்பூரை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

உங்கள் வேலை எந்தக் கயிற்றில் தொங்குகிறது?

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "என் கம்பெனி பெரியதா சிறியதா?" என்பது இல்லை. "என் கம்பெனி தைக்கும் துணி எங்கே போகிறது?" என்பதுதான். பேக்கிங் பக்கம் ஒரு நடை நடந்து வந்தால் தெரிந்துவிடும். பெட்டியில் ஒட்டும் விலைச்சீட்டு டாலரில் இருக்கிறதா, யூரோவில் இருக்கிறதா, ரூபாயில் இருக்கிறதா? நான்கு பிராண்ட் பெயர் மாறி மாறி வருகிறதா, வருஷம் முழுக்க ஒரே பெயர்தானா? முழுக்க டாலர் சீட்டு ஒட்டும் கம்பெனியிலிருந்து விலகி இன்னொரு டாலர் கம்பெனிக்குப் போனால், இடம் மாறியதே தவிர ஆபத்து மாறவில்லை. உள்நாட்டு பிராண்டுக்குத் தைக்கும் கம்பெனிக்கு தீபாவளி, பொங்கல் சீசன் முக்கியம். அமெரிக்க வரி அதை நேராகத் தொடாது. அதே சமயம் சாயப்பட்டறை மூடினால் இரண்டு பேருக்கும் அடிதான். அதனால் உள்நாட்டுக்கு மாறுவது பாதிப் பாதுகாப்புதான், முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

வேலை ஆடப்போகிறது என்பதற்கு அறிகுறிகள் நோட்டீஸ் போர்டுக்கு வரும் முன்பே தெரியும். தினமும் ஒன்றரை ஷிஃப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிஃப்ட் மட்டும் ஓடுவது எல்லோருக்கும் தெரிகிற அறிகுறி. அதற்கும் முன்னால் தெரிவது சாம்பிள் செக்‌ஷன். ஆர்டர் தையல் லைனுக்கு வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அதன் சாம்பிள் தைத்து அனுப்பப்படும். சாம்பிள் டெய்லர்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் அடுத்த சீசனுக்கு ஆர்டர் குறைவு என்று அர்த்தம்.

மூன்றாவது அறிகுறியை உங்கள் போனிலேயே பார்க்கலாம். சம்பளத்தில் பிடித்த பி.எப். தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கம்பெனி கட்ட வேண்டும். யு.ஏ.என். எண்ணோடு இணைத்த மொபைலிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியாக வரும். ஒரு மாதம் தள்ளிப்போனால் கணக்குப் பிரிவின் மெத்தனமாக இருக்கலாம். மூன்று மாதமாகக் கட்டவே இல்லை, ஆனால் சம்பளத்தில் மட்டும் பிடிக்கிறார்கள் என்றால் கம்பெனிக்குக் காசு நெருக்கடி வந்துவிட்டது. அப்போதே வேறு இடம் பார்க்கத் தொடங்குங்கள், பி.எப். அலுவலகத்தின் இணையதளமான epfigms.gov.in-இல் புகாரும் பதியலாம்.

காகிதத்தில் இல்லாத அனுபவம்

ஒரே தொழில் ஊரில் வேலை கிடைப்பது வாய்ப்பேச்சில்தான். "அண்ணன் நல்லா ஓட்டுவாருங்க" என்று லைன் சூப்பர்வைசர் ஒருவர் சொன்னால் போதும். பயோடேட்டா கேட்பவர் இல்லை, சான்றிதழ் கேட்பவரும் இல்லை. தொழில் விழும்போது இதுவே சிக்கலாகிறது. உங்களைத் தெரிந்த எல்லோரும் அதே தொழிலில் இருக்கிறார்கள்; அவர்களுக்கும் வேலை இல்லை. வெளியூரில் உங்களைத் தெரிந்தவர் இல்லை. கையில் 9 வருட அனுபவம் இருந்தும் காட்ட ஒரு தாள் இருக்காது.

இந்த இடத்தில் பி.எப். கணக்கு பணம் சேர்க்கும் உண்டியல் மட்டும் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பி.எப். இணையதளத்தில் உள்நுழைந்து `View` பகுதியில் `Service History` என்பதைத் திறந்தால், நீங்கள் வேலை செய்த ஒவ்வொரு கம்பெனியும், சேர்ந்த தேதியும், விலகிய தேதியும் வரிசையாக இருக்கும். ஒப்பந்ததாரர் மூலம் வேலை பார்த்திருந்தால் அவர் பெயர் இருக்கும். எங்கே, எவ்வளவு காலம் வேலை செய்தீர்கள் என்பதற்கு மத்திய அரசு அமைப்பு வைத்திருக்கும் பதிவு இது. விலகிய தேதியைக் கம்பெனி போடாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தாவிலிருந்து இரண்டு மாதம் கழித்து `Manage` பகுதியில் `Mark Exit` மூலம் நீங்களே போடலாம்.

ஆனால் திருப்பூரில் வழக்கமாக நடப்பது வேறு. கம்பெனி மாறும் ஒவ்வொரு முறையும் பி.எப்.பை எடுத்துவிடுவார்கள். புதுக் கம்பெனியில் "பழைய நம்பர் இல்லைங்க" என்று சொல்லி இன்னொரு யு.ஏ.என். வாங்கிக்கொள்வார்கள். இதனால் என்ன போகிறது? ஒரு கணக்குப் போடுவோம்.

ஒருவர் முதல் கம்பெனியில் 4 வருடம், அடுத்ததில் 3, அதற்கடுத்ததில் 3 என மொத்தம் 10 வருடம் வேலை செய்கிறார். பி.எப்.போடு ஓய்வூதியத் திட்டமும் சேர்ந்தே ஓடுகிறது. 10 வருட சேவை இருந்தால் 58 வயதிலிருந்து மாதா மாதம் பென்ஷன் உண்டு. கணக்கில் எடுக்கும் சராசரிச் சம்பளம் 14,000 ரூபாய் என்று வையுங்கள். அதைப் பத்தால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதம் 2,000 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஆயுள் முழுக்க வரும், அவருக்குப் பின் மனைவிக்கோ கணவருக்கோ குடும்ப பென்ஷனும் உண்டு. இதே ஆள் முதல் இரண்டு கம்பெனியை விட்டபோது 10சி படிவத்தில் பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்திருந்தால், அந்த 7 வருட சேவை அழிந்துபோகும். மிச்சம் 3 வருடம்தான், பென்ஷன் கிடையாது. அவசரத்துக்குப் பணம் தேவையென்றால் பி.எப். பங்கிலிருந்து முன்பணம் எடுக்க வழி இருக்கிறது. பென்ஷன் பங்கைத் தொடாதீர்கள். பி.எப். பங்கை முழுதாக எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும், 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாக திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கினால் சேவைக் காலம் காப்பாற்றப்படும்.

பி.எப். பதிவில் ஒரு குறை உண்டு. எங்கே, எவ்வளவு காலம் என்று சொல்லும்; என்ன வேலை என்று சொல்லாது. அதற்கு அனுபவச் சான்று வேண்டும். கம்பெனி நன்றாக ஓடும்போதே கேட்டு வாங்குங்கள். பூட்டிய கம்பெனி வாசலில் நின்று கேட்டால் கையெழுத்துப் போட ஆள் இருக்க மாட்டார். "இவர் எங்களிடம் பணிபுரிந்தார், நன்னடத்தை உள்ளவர்" என்ற இரண்டு வரிச் சான்றால் பெரிய பயன் இல்லை. இப்படி எழுதச் சொல்லுங்கள்: "இவர் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை தையல் பிரிவில் ஓவர்லாக், சிங்கர் ஆகிய இரு இயந்திரங்களையும் இயக்கினார், டி-சர்ட், குழந்தைகள் உடை தைத்தார், அளவு அட்டையைப் படித்துத் தாமே சரிபார்க்கத் தெரிந்தவர்." இந்த வகைச் சான்று வேறு ஊர்க்காரருக்கும் புரியும்.

கையெழுத்துப் போடும் முன்

ஆட்குறைப்பு வரும்போது பல இடங்களில் ஒரு தாளை நீட்டுவார்கள். "இதுல கையெழுத்துப் போடுங்க, செட்டில்மென்ட் சீக்கிரம் ஆகும்" என்பார்கள். படித்துப் பார்த்தால், "என் சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன்" என்று இருக்கும். அந்த ஒரு வரிக்கு விலை அதிகம்.

ஒரு வருடத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியைக் கம்பெனியே ஆட்குறைப்புச் செய்தால், பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும் என்பது சட்டம். 9 வருடம் வேலை செய்தவருக்கு 135 நாள் சம்பளம் வரும். நீங்களே ராஜினாமா செய்ததாக எழுதிவிட்டால் இதைக் கேட்க முடியாது. கிராஜுவிட்டி வேறு கணக்கு. 5 வருடம் முடித்தவருக்கு ராஜினாமா செய்தாலும் அது உண்டு. "கிராஜுவிட்டி தர்றோம்ல, போதாதா?" என்று சொல்லி இரண்டையும் குழப்புவது உண்டு, கவனமாக இருங்கள்.

இன்னொன்று இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு மட்டும்தான் அந்தக் கார்டு என்று பலர் நினைக்கிறார்கள். கம்பெனி மூடியதாலோ ஆட்குறைப்பாலோ வேலை போனால், ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற திட்டத்தின் கீழ் முதல் 12 மாதம் சராசரிக் கூலியில் பாதியும், அடுத்த 12 மாதம் கால் பங்கும் கிடைக்க வழி உண்டு. இதற்கு முன் குறைந்தது இரண்டு வருடம் சந்தா கட்டியிருக்க வேண்டும். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று இன்னொரு திட்டம் இருக்கிறது. இதில் ஆயுளில் ஒரு முறை, அதிகபட்சம் 90 நாளைக்குப் பாதிக் கூலி. நாள் கூலி 500 ரூபாய் என்றால் 250 வீதம் 22,500 ரூபாய். இரண்டு வருட வேலையும், வேலை போவதற்கு முந்தைய சந்தா காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தாவும் கேட்பார்கள். இந்த இரண்டாவது திட்டம் அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு ஓடுவது. அதனால் இப்போது அமலில் இருக்கிறதா என்பதை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். இரண்டிலுமே தானாக விரும்பி விலகியவருக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் இடமில்லை. நீட்டிய தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் எவ்வளவு போகும் என்று இப்போது கூட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் "வீட்டுல காட்டிட்டு நாளைக்குத் தர்றேங்க" என்று சொல்லி, அதை போனில் படம் எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்தில் காட்டுங்கள்.

ஓவர்லாக்கிலிருந்து எங்கே போகலாம்?

காகிதம் சரி, கைத்திறனை வேறு தொழிலுக்கு எப்படிக் கொண்டுபோவது? ஓர் உதாரணம் எடுப்போம். 34 வயது, 9 வருட அனுபவம், ஓவர்லாக் மட்டும் ஓட்டுபவர்.

ஓவர்லாக் என்பது துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே பிணைக்கும் மெஷின். பனியன் துணிக்கு அது உயிர். பனியன் துணி இல்லாத தொழிலில் அதற்கு மதிப்புக் குறைவு. காலணி, கைப்பை, கார் இருக்கை உறை, தார்ப்பாய் என்று தையல் நடக்கும் மற்ற இடங்களில் ஓடுவது பெரும்பாலும் நேர்த்தையல், அதாவது திருப்பூரில் சிங்கர் என்று சொல்கிற வகை. ஆகவே இவருக்கு முதல் படி வெளியூர் இல்லை. இருக்கிற கம்பெனியிலேயே சிங்கர் மெஷினில் உட்காருவது. லன்ச் நேரத்தில், ஆள் வராத நாளில், சூப்பர்வைசரிடம் கேட்டுப் பழகலாம். ஆர்டர் குறைந்து மெஷின்கள் சும்மா நிற்கும் மாதங்கள்தான் இதற்கு வசதி.

அடுத்து, தைக்கும் பொருள் மாறினால் என்ன மாறும் என்று தெரிய வேண்டும். பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசி. நூலை அறுக்காமல் கண்ணிகளை விலக்கிக்கொண்டு இறங்கும். தோலுக்கு வெட்டும் முனை உள்ள ஊசி. பனியனில் தையல் தப்பினால் பிரித்து ஆல்டர் செய்துவிடலாம். தோலில் ஊசி விழுந்த துளை அப்படியே நிற்கும். அந்தத் துண்டு வீண். ஷூவின் மேல்பாகம் தைக்கும் மெஷினில் மேசை தட்டையாக இருக்காது. சிறு தூண் மாதிரி நிற்கும், அதன் மேல் வளைத்து வளைத்துத் தைக்க வேண்டும். வேகத்தில் பெயர் எடுத்த பனியன் டெய்லர் அங்கே முதலில் தடுமாறுவது இதனால்தான். வேகத்தைக் குறைத்து, ஓரத்திலிருந்து ஒரே இடைவெளியில் தையலைக் கொண்டுபோகப் பழக வேண்டும். முதல் சில மாதம் பயிற்சிச் சம்பளம்தான் கிடைக்கும், அது திருப்பூரில் வாங்கியதைவிடக் குறைவாக இருக்கலாம். அதைத் தாங்கக் கையில் காசு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

எல்லோருக்கும் இந்த வழி ஒரே மாதிரி இருக்காது. மெஷின் மெக்கானிக், எலக்ட்ரீஷியன் ஆகியோருக்கு மாறுவது எளிது. மோட்டார் எந்தத் தொழிற்சாலையிலும் மோட்டார்தான், கோவை பக்கத்திலேயே வேலை உண்டு. செக்கிங் வேலை பார்த்தவர் அளவு எடுத்தல், குறைகளை வகை பிரித்து எழுதுதல் இரண்டையும் நன்றாகக் கற்றிருந்தால் வேறு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவுக்குப் போகலாம். கைமடி வேலை மட்டும் பார்த்தவருக்குத்தான் மிகக் கடினம். அவர் முதலில் ஏதாவது ஒரு மெஷினைக் கற்றே ஆக வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை வைத்திருக்கும் பெண்களிடம் "ஆம்பூர் போங்க, ஸ்ரீபெரும்புதூர் போங்க" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவர்களுக்கு உள்நாட்டு பிராண்ட் கம்பெனி, பள்ளிச் சீருடை, மருத்துவமனை உடை தைக்கும் இடங்கள்தான் நடைமுறையில் மாற்று. 2020 ஊரடங்கில் திருப்பூர்க் கம்பெனிகள் பல முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைத்ததை நினைவில் வையுங்கள்.

கற்றதற்குச் சான்று வேண்டுமே? ஐ.டி.ஐ.யில் படிக்காதவரும் அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதி தேசியத் தொழிற்சான்றிதழ் பெற முடியும். 21 வயது முடிந்திருக்க வேண்டும். அந்தத் தொழிலில் பொதுவாக 3 வருட அனுபவம் கேட்பார்கள். மேலே சொன்ன அனுபவச் சான்று இங்கேதான் கைகொடுக்கும். அறிவிப்பும் விண்ணப்பமும் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் skilltraining.tn.gov.in தளத்தில் வரும். சந்தேகங்களை அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் கேட்கலாம். வெளி மாவட்டத் தனியார் வேலைகளைப் பார்க்க tnprivatejobs.tn.gov.in இருக்கிறது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. வேலை தேடாத காலத்திலும் மாதம் ஒரு முறை திறந்து, தையல் தெரிந்தவரை வேறு எந்தத் தொழில் கேட்கிறது, என்ன மெஷின் பெயர் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த மெஷின் பெயர்தான் நீங்கள் அடுத்துக் கற்க வேண்டியது.

சேமிப்பும் அதே கூடையில்

கடைசியாக ஒன்று. திருப்பூரில் கையில் காசு சேர்ந்தால் இரண்டு விஷயம் செய்வார்கள்: கம்பெனி ஆட்களுக்குள்ளேயே சீட்டுப் போடுவார்கள், அல்லது இடம் வாங்கி நாலு லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுவார்கள். நல்ல காலத்தில் இரண்டும் லாபம். ஆனால் சீட்டில் இருக்கும் இருபது பேரும் பனியன் கம்பெனியில்தான் வேலை செய்கிறார்கள். லைன் வீட்டில் குடியிருப்பவரும் அங்கேதான். ஆர்டர் நின்றால் சீட்டுப் பணம் கட்ட மாட்டார்கள், வாடகைக்கு இருந்தவர் ரயிலேறி ஊருக்குப் போய்விடுவார். உங்கள் சம்பளமும் அதே மாதம்தான் நிற்கும். ஆக, மூன்று மாத வீட்டுச் செலவுக்கான பணத்தையாவது தபால் அலுவலகத்திலோ வங்கியிலோ தனியாகப் போட்டு வையுங்கள். வாடகை, பால், பள்ளிக் கட்டணம், கடன் தவணை எல்லாம் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் ஆகிறது என்றால் 36,000 ரூபாய். அதைச் சேர்த்த பிறகு மீதியில் சீட்டுப் போடலாம், வீடு கட்டலாம்.